எந்தப் பதிப்புக்குக் கையெழுத்துப் போட்டீர்கள்?

வேலையில் சேரும் முதல் நாளில் நீட்டப்படும் தாள்களில் கடைசித் தாளை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. பி.எஃப். படிவத்திலும் வங்கிக் கணக்கு எண்ணிலும் தவறு வந்துவிடக் கூடாதே என்று கவனமாக இருப்போம். சம்பளத்தைச் சரிபார்க்க நியமனக் கடிதத்தை இரண்டு முறை புரட்டுவோம். அதெல்லாம் முடிந்தபிறகு ஒரு அரைப்பக்கத் தாள் வரும். “நிறுவனத்தின் பணியாளர் கையேட்டைப் பெற்றுக்கொண்டேன், முழுவதும் படித்தேன், புரிந்துகொண்டேன், அதன்படி நடக்கச் சம்மதிக்கிறேன்” என்று அதில் அச்சடித்திருக்கும். கீழே பெயர், கையெழுத்து, தேதி. பல இடங்களில் அந்த நேரத்தில் கையேடு கைக்கே வந்திருக்காது. மறுநாள் மெயிலில் வரும்.

எச்.ஆர். துறையில் இதை ஒப்புகைப் படிவம் என்பார்கள். விதிகள் திருத்தப்படும்போதெல்லாம் இது மறுபடியும் சுற்றுக்கு வரும். இப்போது பெரும்பாலும் திரையில் ஒரு கட்டத்தை டிக் செய்யச் சொல்லி வருகிறது. அந்தக் கையெழுத்தோ டிக்கோ எந்த வாசகத்துக்குப் போடப்பட்டது என்பதற்கான விடை பல படிவங்களில் இல்லை. அதனால்தான் தகராறு வரும் நாளில் அது நிறுவனத்துக்கும் உதவுவதில்லை, ஊழியருக்கும் உதவுவதில்லை.

இந்தப் படிவத்துக்கு அமெரிக்காவில் ஒரு முக்கியமான முன்கதை உண்டு. நியூஜெர்சி மாநிலத்தில் நட்லி என்ற ஊரில் ஹாஃப்மன்-லா ரோஷ் மருந்து நிறுவனத்தில் 1969-இல் ரிச்சர்ட் வூலி என்ற பொறியாளர் சேர்ந்தார். தனியாக வேலை ஒப்பந்தம் எதுவும் அவருக்கு எழுதித் தரப்படவில்லை. சேர்ந்த சில வாரங்களில் நிறுவனத்தின் கையேடு கிடைத்தது. தக்க காரணமின்றி யாரையும் நீக்குவதில்லை என்று பொருள்படும் வாசகங்களும், நீக்குவதற்கான படிப்படியான நடைமுறையும் அதில் இருந்தன. 1978-இல் அவர் நீக்கப்பட்டபோது, கையேட்டில் சொன்னதை நிறுவனம் கடைப்பிடிக்கவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார். 1985-இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம், இது ஒப்பந்தம் அல்ல என்று பளிச்சென்று தெரியும்படி எழுதாத கையேடு தந்த வாக்குறுதி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று சொன்னது. இப்படிப்பட்ட தீர்ப்புகளுக்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்கள் கையேட்டின் முகப்பிலும் ஒப்புகைப் படிவத்திலும், “இது ஒப்பந்தம் அல்ல, காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் வேலையை முடித்துக்கொள்ள இரு தரப்புக்கும் உரிமை உண்டு” என்று பெரிய எழுத்தில் போடுவது வழக்கமாயிற்று.

அந்த வாக்கியம் இந்தியக் கையேடுகளிலும் அப்படியே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். யாரோ இணையத்திலிருந்து ஒரு மாதிரியை எடுத்து நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். இங்கே சட்டம் வேறு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த ஒரு தொழிலாளியை ஆட்குறைப்பில் அனுப்பவேண்டுமானால் காரணத்தோடு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம் தரவேண்டும். அதோடு வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகக் கொடுக்கவேண்டும். உங்கள் படிவத்தில் அந்த அமெரிக்க வாக்கியம் இருந்தால், எழுதியவர் உள்ளூர்ச் சட்டத்தைப் பார்க்கவில்லை என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

சரி, தகராறு எப்படி வருகிறது? கோவையில் பம்ப் தயாரிக்கும், 120 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் ஒரு சர்வீஸ் இன்ஜினியர். மார்ச் 24-ஆம் தேதி ஓசூருக்குக் கிளம்பி, நான்கைந்து இடங்களில் பழுது பார்த்துவிட்டு 30-ஆம் தேதி திரும்புகிறார். லாட்ஜ், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய் கைக்காசு. ஏப்ரல் 20-ஆம் தேதி பில்களைக் கொடுக்கிறார். திரும்பி வந்து 21 நாள் ஆகிவிட்டது.

அக்கவுண்ட்ஸில் பில்லைத் திருப்பிவிடுகிறார்கள். ஊர் திரும்பிய 15 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று விதி மாறிவிட்டதாம். அவர் நேராக எச்.ஆர். மேலாளரிடம் போகிறார்.

“மேடம், நான் கிளம்பினப்ப முப்பது நாள்னுதானே இருந்துச்சு?”

“மார்ச்லயே மெயில் போட்டாச்சே சார். நீங்க கையெழுத்தும் போட்டிருக்கீங்க பாருங்க.”

மேலாளர் கோப்பைத் திறந்து காட்டும் கையெழுத்து ஜனவரி 8-ஆம் தேதியிட்டது. “பணியாளர் கையேட்டைப் படித்தேன்” என்றுதான் அதில் இருக்கிறது. எந்தப் பதிப்பு என்று இல்லை. மார்ச்சில் போன மெயிலின் பொருள் வரியில் ‘புதுப்பிக்கப்பட்ட கையேடு’ என்று மட்டும் இருந்தது. அறுபது பக்கக் கோப்பு ஒன்று இணைப்பாக இருந்தது. எது மாறியது என்று ஒரு வரிகூட இல்லை. இன்ஜினியர் பொய் சொல்லவில்லை, மேலாளரும் ஏமாற்றவில்லை. ஜனவரியில் போட்ட கையெழுத்து மார்ச்சில் எழுதிய விதிக்குச் சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

இதைவிடச் சிக்கலான ஒரு கேள்வியும் இதற்குள் இருக்கிறது. விதி ஏப்ரல் 1 முதல் அமல் என்று வைத்துக்கொண்டாலும், இவருடைய பயணம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. பில் கொடுத்த தேதியைப் பார்ப்பதா, பயணம் போன தேதியைப் பார்ப்பதா? விதியை எழுதியவர் இதை யோசித்திருக்கவே மாட்டார். ஒவ்வொரு மாற்றமும் பழையதற்கும் புதியதற்கும் நடுவில் சிலரை நிறுத்திவிடுகிறது. அவர்களுக்கு எது பொருந்தும் என்று மாற்றத்தோடு சேர்த்தே எழுதவில்லை என்றால், கடைசியில் அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருப்பவர் தன் மனம்போல முடிவு செய்யவேண்டியதாகிறது. அது நியாயமில்லை.

இந்த இடத்தில்தான் பதிப்புப் பதிவேடு வேண்டும். பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. கையேட்டின் முதல் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் ஒரு அட்டவணை, அல்லது தனியாக ஒரு எக்செல் தாள் போதும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை. மேலே சொன்ன மாற்றத்தைச் சரியாகப் பதிந்தால் அந்த வரிசையில் இவ்வளவு இருக்கும்:

பதிப்பு: 3.2 (இதற்கு முந்தையது 3.1)
மாறிய பகுதி: 7.4, பயணச் செலவு
முன்பு: ஊர் திரும்பிய 30 நாளுக்குள் பில் தரவேண்டும்
இப்போது: ஊர் திரும்பிய 15 நாளுக்குள் பில் தரவேண்டும்
காரணம்: மாதக் கணக்கை முடிப்பதில் தாமதம்
ஒப்புதல்: நிதிப் பிரிவுத் தலைவர், மார்ச் 10
ஊழியர்களுக்கு அறிவித்தது: மார்ச் 14
அமல்: ஏப்ரல் 1
யாருக்கு: ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு கிளம்பும் பயணங்களுக்கு மட்டும்
ஒப்புகை தேவையா: ஆம், பயணம் போகும் எல்லோரும்

இதில் மூன்று தேதிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒப்புதல் கிடைத்த நாள், ஊழியருக்குச் சொன்ன நாள், அமலுக்கு வரும் நாள். பல பதிவேடுகளில் ‘தேதி’ என்று ஒரே ஒரு பத்திதான் இருக்கும். அது மூன்றில் எது என்று எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது. சொன்ன நாளுக்கும் அமலுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ஊழியருக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த இடைவெளி பதிவேட்டில் தெரியவேண்டும். கடைசிக்கு முந்தைய வரி மட்டும் எழுதப்பட்டிருந்தால் நம் இன்ஜினியரின் 7,400 ரூபாய் பேச்சே இல்லாமல் பாஸாகியிருக்கும்.

எண் போடுவதில் ஒரு எளிய முறை போதும். ஒரு விதி மாறினால் 3.1 என்பது 3.2 ஆகும். கையேட்டையே மறுபடி எழுதினால் 4.0. எழுத்துப் பிழை திருத்தியதையும் பதியவேண்டும், ஆனால் அதற்காக 120 பேரிடம் கையெழுத்துக் கேட்கவேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் ஒருவர் மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விதி மாறவில்லை, பெயரும் போன் எண்ணும்தான் மாறின. கையெழுத்து வேண்டாம், ஆனால் அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லியாகவேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரவேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பெயர் கையேட்டில் கிடந்தால் அந்த மூன்று மாதத்தில் ஒரு பெண்ணுக்கு எத்தனை நாள் வீணாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பதிவேட்டைக் கெடுக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. ஒப்புகைப் படிவத்தில் கையேட்டின் லிங்க் இருக்கும். அந்த லிங்க் பொதுக் கோப்புறையில் இருக்கும் Handbook.pdf என்ற கோப்புக்குப் போகும். விதி மாறியதும் எச்.ஆரில் ஒருவர் புதிய கோப்பை அதே பெயரில், அதே இடத்தில், பழையதன் மேலேயே சேமிக்கிறார். லிங்க் உடையவில்லை, யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த ஒப்புகைகள் அத்தனையும் அந்த நொடியிலிருந்து ஊழியர்கள் பார்த்தேயிராத ஒரு வாசகத்தைச் சுட்டிக்காட்டுகின்றன. அவர்கள் உண்மையில் படித்த கோப்பு எங்கேயும் இல்லை. handbook_final_new2.pdf போன்ற பெயர்களிலும் இதே ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது, எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்பு, பெயரிலேயே எண், வெளியிட்ட பிறகு யாரும் அதைத் தொடக் கூடாது. பழைய பதிப்புகளை அழிக்கவும் கூடாது. அதற்கு மேலும் ஒரு படி போகலாம். கோப்பின் ஹாஷ் மதிப்பைப் பதிவேட்டிலேயே எழுதி வைப்பது. விண்டோஸ் கணினியில் கோப்பு இருக்கும் இடத்துக்குப் போய் இந்த ஒரு கட்டளையைக் கொடுத்தால் போதும்:

```
certutil -hashfile Handbook_v3.2.pdf SHA256
```

64 எழுத்துகளும் எண்களுமாக ஒரு வரி வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த வரி முற்றிலும் வேறாகிவிடும். இரண்டு வருடம் கழித்து, “நான் படித்தது இது இல்லை” என்று ஒருவர் சொன்னால், கோப்புக்கு மறுபடி ஹாஷ் எடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பதிவேட்டையே மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதனால்தான் அந்த வரியை அறிவிப்பு மெயிலிலும் சேர்த்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. 120 பேரின் இன்பாக்ஸில் இருக்கும் எண்ணை யாரும் ஓசைப்படாமல் மாற்ற முடியாது. 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்கும்போது தரும் சான்றிதழிலும் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட இடமிருக்கிறது. எனவே இது கணினிக்காரர்களின் ஆடம்பரம் இல்லை.

இனி படிவம். அதில் இருக்கவேண்டியது கொஞ்சம்தான். ஊழியரின் பெயர், எண். பதிப்பு எண், அமல் தேதி. என்ன மாறியது என்று இரண்டு மூன்று வரிகள், அதுவும் படிவத்திலேயே, கையெழுத்துக்கு மேலே. சந்தேகம் இருந்தால் யாரைக் கேட்கவேண்டும் என்பது. பிறகு கையெழுத்தும், ஊழியரே எழுதும் தேதியும். அறுபது பக்கத்தையும் ஒருவர் ஒவ்வொரு முறையும் படிப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். மூன்று வரியைப் படிப்பார். “பில் கொடுக்கும் கெடு 30 நாளிலிருந்து 15 நாளாகிறது, ஏப்ரல் 1 முதல் கிளம்பும் பயணங்களுக்கு” என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர், பிறகு தெரியாது என்று சொல்லப்போவதில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும், அதற்காகத்தானே இத்தனையும்?

‘பெற்றேன், படித்தேன்’ என்பதையும் ‘சம்மதிக்கிறேன்’ என்பதையும் ஒரே வாக்கியத்தில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். விதி பிடிக்காத ஒருவருக்கு அந்த வாக்கியம் வழியே விடுவதில்லை. கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாகிறது, போடாவிட்டால் படிக்கவில்லை என்றாகிறது. ஒப்புகை என்பது தகவல் வந்து சேர்ந்ததற்கான சான்றாக மட்டும் இருக்கட்டும். அப்படிப் பிரித்துவிட்டால் மறுப்பவர்களின் எண்ணிக்கையும் குறையும். அப்போதும் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் அவரை மிரட்டத் தேவையில்லை. “பதிப்பு 3.2 இவரிடம் மார்ச் 14 அன்று கொடுக்கப்பட்டது, மாற்றம் விளக்கப்பட்டது, கையெழுத்திட மறுத்தார்” என்று கொடுத்தவரும் சாட்சி ஒருவரும் அன்றைய தேதியிட்டு எழுதினால் தகவல் சேர்ந்ததற்கான பதிவு கிடைத்துவிடுகிறது.

மொழி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலக் கையேட்டுக்குத் தமிழ்த் தொழிலாளி கையெழுத்துப் போடுகிறார். திருப்பூர், கோவைப் பக்கம் தமிழ்க் கையேட்டுக்கு ஒடியா பேசும் தொழிலாளியும் கையெழுத்துப் போடுகிறார். சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் நுழைவாயிலுக்கு அருகே பலகையில் ஒட்டவேண்டும் என்று 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டமே சொன்னது. அத்தனை வருடம் முன்பே புரிந்திருந்த விஷயம் இது. முழுக் கையேட்டையும் மொழிபெயர்க்க முடியாவிட்டாலும், மாறிய மூன்று வரியை அவரவர் மொழியில் தர முடியும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டினால், யார், எந்த மொழியில், என்றைக்கு வாசித்தார் என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டும்.

கையெழுத்துகளைச் சேகரிப்பதில் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 120 பேரில் 118 பேர் டிக் செய்துவிட்டார்கள் என்று அறிக்கை வரும். அவர்கள் டிக் செய்த நேரத்தையும் பாருங்கள். மெயில் போன நிமிடத்திலேயே எண்பது டிக் விழுந்திருந்தால் யாரும் கோப்பைத் திறக்கவில்லை. ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்ட தேதிகள் இருந்தால் என்ன நடந்தது என்று ஆடிட்டருக்குப் புரிந்துவிடும். இதைவிட மோசமானது, கையெழுத்தின் தேதி மார்ச் 5 என்றும் பதிவேட்டில் ஒப்புதல் தேதி மார்ச் 10 என்றும் இருப்பது. இன்னும் எழுதப்படாத விதியை ஒருவர் எப்படிப் படித்திருக்க முடியும்? முன்தேதியிட்ட ஒரே ஒரு படிவம் கண்ணில் பட்டாலும் மற்ற 119-இன் மேலும் சந்தேகம் விழும்.

மீதமுள்ள அந்த இரண்டு பேர் பெரும்பாலும் விடுப்பில் இருப்பவர்கள். மகப்பேறு விடுப்பிலோ மருத்துவமனையிலோ இருப்பவரை வாட்ஸ்அப்பில் துரத்தி டிக் வாங்குவதில் பொருளில்லை. ‘விடுப்பு, திரும்பும் நாளில்’ என்று பதிந்துவிட்டு, வேலைக்கு வந்த முதல் வாரத்தில் உட்காரவைத்துச் சொல்லி வாங்கினால் போதும். அதுவரை புதிய கெடுவை அவர்கள்மேல் ஏற்றாமல் இருப்பதே முறை. மாறிய விதியின்மேல் கட்டாயம் வரப்போகும் இரண்டு கேள்விகளை அந்தந்தப் பிரிவு மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கொடுத்து, தேநீர் நேரத்தில் நாலு பேரிடம் கேட்கச் சொன்னால், படித்தார்களா இல்லையா என்பது எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகத் தெரியும்.

ஊழியர் பக்கத்திலிருந்து செய்யவேண்டியதும் உண்டு. படிவத்தில் பதிப்பு எண் இல்லையென்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்களே எழுதுங்கள்: “பதிப்பு 3.2, மார்ச் 14 அன்று மெயிலில் கிடைத்தது.” கோப்பு இன்னும் வரவில்லை என்றால் அதையும் எழுதலாம். கையெழுத்திட்ட தாளின் நகலும் அன்றைய கோப்பும் உங்களிடம் இருக்கட்டும். நிறுவனத்தின் மெயில் கணக்கில் மட்டும் அவை இருந்தால், வேலையை விட்ட அன்றே அந்தக் கணக்கும் மூடப்பட்டுவிடும். நிறுவன விதி அனுமதிக்கும் முறையில் அச்செடுத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் கையெழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமையைக் கையேடு குறைத்திருந்தால், நூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் அந்த விதி நிற்காது. சட்டவிரோதமான உடன்பாடு செல்லாது என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. தொழிலாளர் என்ற சட்ட வரையறைக்குள் வருபவர்களின் சம்பளம், படிகள், வேலை நேரம், விடுப்பு போன்றவற்றை அவர்களுக்குப் பாதகமாக மாற்றுவதானால் 21 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கையேட்டைத் திருத்தி மெயில் அனுப்பி டிக் வாங்கிவிட்டால் அந்த முன்னறிவிப்பைக் கொடுத்ததாக ஆகாது. அதற்குத் தனி அறிவிப்பு வேண்டும். அப்படிப்பட்ட மாற்றமானால் பதிவேட்டின் ‘ஊழியர்களுக்கு அறிவித்தது’ என்ற வரிக்குக் கீழே, சட்டப்படியான முன்னறிவிப்பு என்றைக்குக் கொடுக்கப்பட்டது என்று இன்னொரு வரியைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். அந்தத் தேதியிலிருந்து 21 நாள் கழியாமல் அமல் தேதி வந்தால், கையேட்டை வெளியிடும் முன்பே அதைத் தள்ளி வைத்துவிடலாம்.